ஓடுகிற மில்லைப் பார்த்து லாபக் கணக்குப் போடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிட்டுக் கீழே வந்து கருத்து எழுதாதீர்கள். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நம் பக்கத்து நூற்பாலைகளைப் பற்றி இரண்டு பேச்சுகள் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. முதல் பேச்சு: "கிலோவுக்கு இவ்வளவு நட்டம், அவ்வளவு நட்டம் என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். ஆனால் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. நட்டமென்றால் எதற்கு ஓட்டுகிறார்கள்? எல்லாம் பொய்." இரண்டாவது பேச்சு: "நிஜமாகவே நட்டமென்றால் மூடிவிட்டுப் போக வேண்டியதுதானே? நட்டத்துக்கு மில் ஓட்டுகிறவன் முட்டாள்."

முதல் பேச்சைச் சொல்பவர்கள் முதலாளியைப் பொய்யன் என்கிறார்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் முட்டாள் என்கிறார்கள். எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். லாபம் என்றால் ஓடும், நட்டம் என்றால் நிற்கும் என்று இரண்டு தரப்பும் நம்புகிறது. அந்த நம்பிக்கை தவறு. பிளஸ் ஒன் பொருளியலில் மாறாச் செலவு, மாறும் செலவு என்று ஒரு பாடம் நடத்தினேனே, அதை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த இரண்டு பேச்சும் வந்திருக்காது. பரீட்சைக்காக வரைந்த அந்த வளைகோடுகளை மறந்துவிடுங்கள். இன்று ஒரு மில்லை வைத்தே கணக்குப் போடுவோம்.

இது எந்த மில்லின் கணக்கும் அல்ல. நம் மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் இருக்கக்கூடிய ஒரு சின்ன நூற்பாலைக்கு, புரிவதற்காக முழு எண்களாக நான் போட்டுக்கொண்டது. 12,000 கதிர்கள், அதாவது ஸ்பிண்டில்கள். நாற்பதாம் நம்பர் நூல். இந்த அளவு ஆலையில் மாதம் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோ நூல் வரும்.

முதலில் பஞ்சு. பஞ்சை வியாபாரிகள் கண்டிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு கண்டி 356 கிலோ. கண்டி 60,000 ரூபாய் என்றால் கிலோ சுமார் 168 ரூபாய். ஆனால் ஒரு கிலோ பஞ்சு ஒரு கிலோ நூல் ஆகாது. தூசி, துண்டு இழை எல்லாம் போக 100 கிலோ நூலுக்குச் சுமார் 116 கிலோ பஞ்சு வேண்டும். கழிவுப் பஞ்சை விற்று வரும் காசைக் கழித்துவிட்டால், ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சுச் செலவு 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கதிர்கள் சுற்ற மின்சாரம், கிலோவுக்குச் சுமார் நாலரை யூனிட், 30 ரூபாய். உற்பத்திக்குத் தக்கபடி கொடுக்கும் கூலி 10 ரூபாய். கோன், அட்டைப்பெட்டி, எண்ணெய், தேய்ந்து போகும் சில்லறைச் சாமான்கள் 5 ரூபாய். கூட்டினால் 235 ரூபாய். ஒரு கிலோ கூடுதலாக நூற்றால் இந்த 235 கூடும். ஒரு கிலோ குறைத்தால் குறையும். இதுதான் மாறும் செலவு.

இனி மற்றது. கடன் வாங்கிப் போட்ட இயந்திரங்களுக்கு வட்டி மாதம் 5 லட்சம். நிரந்தரத் தொழிலாளர், மேஸ்திரி, மேனேஜர், ஆபீஸ் சம்பளம் 8 லட்சம். மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய டிமாண்ட் சார்ஜ் 4 லட்சம். இன்சூரன்ஸ், காவல், கட்டடப் பராமரிப்பு, இதர வகை 3 லட்சம். மொத்தம் 20 லட்சம். ஒரு லட்சம் கிலோ நூற்றாலும் 20 லட்சம், ஒரு கிலோகூட நூற்காவிட்டாலும் 20 லட்சம். இதுதான் மாறாச் செலவு.

எது மாறும், எது மாறாது என்று பிரிக்க ஒரு கேள்வி போதும். "நாளைக் காலையில் மில்லை நிறுத்தினால் இந்தச் செலவு நிற்குமா?" நிற்கும் என்றால் மாறும் செலவு. நிற்காது என்றால் மாறாச் செலவு. மேலே சொன்ன மின்சாரத்தையே பாருங்கள். ஓடுகிற யூனிட்டுக்குக் கட்டுவது நிற்கும். டிமாண்ட் சார்ஜ் நிற்காது. ஒரே பில்லில் வரும் இரண்டு வரிகள், ஆனால் இரண்டும் வேறு வேறு ஜாதி.

இப்போது சந்தையில் நூல் கிலோ 245 ரூபாய்க்குத்தான் போகிறது என்று வையுங்கள். மாறாச் செலவு 20 லட்சத்தை ஒரு லட்சம் கிலோவுக்குப் பங்கு போட்டால் கிலோவுக்கு 20 ரூபாய். 235-உடன் 20 சேர்த்தால் 255 ரூபாய் அடக்கம். விற்பது 245. கிலோவுக்கு 10 ரூபாய் நட்டம், மாதத்துக்கு 10 லட்சம் நட்டம். முதலாளி சொல்வது பொய் இல்லை.

"அப்படியானால் மூடு" என்கிறார் நம் குழுவில் இருக்கும் ஒரு மாப்பிள்ளை. சரி மாப்பிள்ளை, மூடிவிட்டோம். பஞ்சு வாங்கவில்லை, கதிர் சுற்றவில்லை, நூல் இல்லை, வருமானம் பூஜ்யம். ஆனால் 20 லட்சம் வந்து வாசலில் நிற்கிறது. பேங்க் வட்டி கேட்கிறது, மின்வாரியம் கேட்கிறது, நிரந்தரத் தொழிலாளி கேட்கிறார், வாட்ச்மேன் கேட்கிறார். மூடினால் நட்டம் 20 லட்சம், ஓட்டினால் நட்டம் 10 லட்சம். எது முட்டாள்தனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வேறு விதமாகவும் பார்க்கலாம். ஒரு கிலோ நூலை 245-க்கு விற்றால், அந்தக் கிலோவுக்காகக் கையைவிட்டுப் போன 235 திரும்பி வந்துவிடுகிறது. மேலே 10 ரூபாய் மிஞ்சுகிறது. அந்த 10 ரூபாய் லாபம் அல்ல. எப்படியும் கட்டியாக வேண்டிய 20 லட்சத்துக்கு அந்தக் கிலோ தரும் பங்களிப்பு. இப்படி ஒரு லட்சம் கிலோவும் சேர்ந்து 10 லட்சம் தருகின்றன. பாதிக் கடனாவது அடைகிறது. மில்லை நிறுத்தினால் அந்தப் பாதியும் போய்விடும்.

"255 அடக்கம், 245 விலை, ஆகவே ஒவ்வொரு கிலோவிலும் பத்து ரூபாய் போகிறது, குறைவாக நூற்றால் குறைவாகத்தான் போகும்" என்று வாதாடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அடக்க விலை என்கிற அந்த 255 ஒரு சராசரி. அதற்குள் இருக்கும் 20 ரூபாய் அந்தக் கிலோவோடு பிறந்தது அல்ல, நாம் பங்கு பிரித்து அதன் தலையில் கட்டியது. உற்பத்தியைப் பாதியாக்கிப் பாருங்கள். அதே 20 லட்சம் 50,000 கிலோவுக்குப் பங்காகும், கிலோவுக்கு 40 ரூபாய். அடக்கம் 275 ஆகிவிடும். குறைத்து நூற்றதால் நட்டம் 10 லட்சத்திலிருந்து 15 லட்சமாக ஏறும். கிலோ அடக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவன், நட்டத்தைக் குறைக்கிறேன் என்று நட்டத்தைக் கூட்டிக்கொள்வான்.

அதற்காக, "அப்படியென்றால் எந்த விலைக்கும் ஓட்டலாம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எல்லை ஒன்று இருக்கிறது. நூல் விலை 235-க்கு வந்தால் ஓட்டினாலும் 20 லட்சம் நட்டம், நிறுத்தினாலும் 20 லட்சம் நட்டம். 230-க்கு இறங்கினால் ஒவ்வொரு கிலோவும் தன் சொந்தச் செலவையே கொண்டுவராமல் மேலும் 5 ரூபாயைத் தின்னும். ஓட்டினால் 25 லட்சம் நட்டம், நிறுத்தினால் 20. அங்கே நிறுத்துவதுதான் புத்தி. பாடப்புத்தகம் உற்பத்தியை நிறுத்தும் புள்ளி என்று சொல்வது இந்த 235-ஐத்தான். லாபம் தொடங்கும் இடம் 255. நிறுத்த வேண்டிய இடம் 235. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள 20 ரூபாய் இடைவெளியில்தான் நம் மில்கள் மாதக்கணக்கில் நட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளி கண்ணில் படாதவர்களுக்குத்தான் முதலாளி ஒன்று பொய்யனாகத் தெரிகிறார், இல்லை முட்டாளாகத் தெரிகிறார்.

2023 ஜூலையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் சிறு நூற்பாலைச் சங்கங்கள் ஜூலை 15 முதல் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தன. "இத்தனை நாள் நட்டமென்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்கள், இப்போது திடீரென்று நிறுத்துகிறார்களே, நாடகம்" என்று அப்போதும் பேசினார்கள். நாடகம் என்று தீர்ப்புச் சொல்லுமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் உள்ள வித்தியாசம், யூனிட் மின்சாரத்துக்கும் கூலிக்குமாவது போதுமா? போதும் என்கிறவரை நட்டத்தோடு ஓட்டியதும் சரி, போதாது என்று ஆனபின் நிறுத்தியதும் சரி. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள். எல்லா மில்லுக்கும் அந்தப் புள்ளி ஒரே நாளில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய இயந்திரம் யூனிட்டை அதிகம் தின்னும், ஆகவே பழைய மில் முதலில் நிற்கும். சொந்தக் காற்றாலை வைத்திருப்பவர் பிறகு நிற்பார்.

அடுத்து, படித்தவர்களே தடுக்கி விழும் ஒரு இடம். 2022 மே மாதத்தில் பஞ்சு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டு நடுவில் 60,000 ரூபாய்க்கு அருகே வந்துவிட்டது. ஒரு லட்சத்துக்கு வாங்கிய பஞ்சு கோடவுனில் கிடக்கிறவர் கணக்குப் போடுகிறார்: "என் பஞ்சு கிலோ 281 ரூபாய். நூலாக்கினால் பஞ்சுக்கு மட்டும் 326 ஆகிறது. அதை 245-க்கு விற்பதா? விலை ஏறும்வரை மில்லை நிறுத்தி வைக்கிறேன்." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தவறு.

அந்தப் பஞ்சில் நட்டம் எப்போதோ வந்துவிட்டது. விலை விழுந்த அன்றே வந்துவிட்டது. நூற்றாலும் போனது போனதுதான், நூற்காவிட்டாலும் போனது போனதுதான். இன்று அவர் கையில் இருப்பது கிலோ 168 ரூபாய் பஞ்சு. ஏனென்றால் இன்று விற்றால் அதுதான் கிடைக்கும். ஆகவே கேள்வி, இந்தப் பஞ்சைப் பஞ்சாகவே விற்பதா, நூலாக்கி விற்பதா என்பதுதான். நூலாக்கினால் மேலே பார்த்த அதே 10 ரூபாய் பங்களிப்பு வருகிறது. எனவே நூற்க வேண்டும். வாங்கிய விலை பில்லில் இருக்கும், முடிவெடுக்கும் கணக்கில் இருக்கக் கூடாது. நாளை விலை ஏறும் என்று நம்பிப் பஞ்சைப் பதுக்கி வைப்பது வேறு தொழில். அதற்குப் பெயர் பஞ்சு வியாபாரம், மில் நடத்துவது அல்ல.

இப்போது மின்கட்டணத்துக்கு வருகிறேன். இங்கேதான் இரண்டு பக்கமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை உயர்த்தியது. உயர் அழுத்த மின் இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு யூனிட் கட்டணம் 6.35-இலிருந்து 6.75 ரூபாய் ஆனது. டிமாண்ட் சார்ஜ் ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350-இலிருந்து 550 ரூபாய் ஆனது. உயர்ந்த விகிதத்தைப் பாருங்கள். ஓடினால் மட்டும் கட்டும் கட்டணம் நூற்றுக்கு ஆறு ஏறியது. ஓடாவிட்டாலும் கட்டும் கட்டணம் நூற்றுக்கு ஐம்பத்தேழு ஏறியது. மில் எவ்வளவு குறைவாக மின்சாரம் எடுத்தாலும், ஒப்பந்தம் போட்ட அளவில் 90 சதவீதத்துக்காவது டிமாண்ட் சார்ஜ் கட்டியாக வேண்டும். நம் கணக்கு மில்லுக்கு 800 கே.வி.ஏ. ஒப்பந்தம் என்றால் 720-க்குக் கட்ட வேண்டும். முன்பு இரண்டரை லட்சம், பிறகு ஏறக்குறைய 4 லட்சம்.

அப்போது முதலாளிகள் தரப்பில் சிலர், "டிமாண்ட் சார்ஜை ஏற்றிவிட்டார்கள், ஆகவே இந்த மாதமே மில்லை நிறுத்துகிறோம்" என்றார்கள். இந்த வாதம் நிற்காது. நிறுத்தினாலும் அந்தக் கட்டணம் நிற்கவில்லையே? மாறாச் செலவு எவ்வளவு ஏறினாலும், இந்த மாதம் ஓட்டுவதா நிறுத்துவதா என்ற கணக்கு ஒரு பைசாகூட மாறாது. 235-தான் எல்லை, அது அப்படியே இருக்கிறது.

அரசுத் தரப்பில் பேசியவர்கள் சொன்னது அதைவிட மோசம். "கட்டணம் ஏற்றி இத்தனை மாதம் ஆயிற்று, ஒரு மில்லும் மூடவில்லையே, தாங்குகிறார்கள் என்றுதானே அர்த்தம்?" அர்த்தம் அதுவே இல்லை. மாறாச் செலவை ஏற்றினால் உடனே யாரும் மூட மாட்டார்கள், மூட முடியாது. மூடினால் நட்டம் கூடும் என்பதால் ஓட்டுகிறார்கள். மாட்டிக்கொண்டவன் ஓடாமல் நிற்பதைப் பார்த்துச் சௌகரியமாக இருக்கிறான் என்று சொல்வது என்ன நியாயம்? அந்த உயர்வின் விளைவு ஓடுகிற மில்லில் தெரியாது. அடுத்து வர வேண்டிய புது இயந்திரம் வராமல் போவதில் தெரியும். 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறு, குறுந்தொழில்கள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தியதே, அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகள் இந்த நிலைக் கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் பற்றியவைதான்.

மாறாச் செலவைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் 2020 ஊரடங்கைப் பாருங்கள். ஆலையை மூடச் சொன்னது அரசு. கதிர் சுற்றவில்லை. ஆனாலும் டிமாண்ட் சார்ஜ் பில் 90 சதவீதக் கணக்கில் வந்தது. ஆலைகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம், மின் வழங்கல் விதிகளில் இருக்கும் ஒரு பிரிவைக் காட்டி, ஊரடங்குக் காலத்துக்கு 20 சதவீதக் கணக்கில் வாங்கினால் போதும் என்றது. உற்பத்தி பூஜ்யம், பில் மட்டும் முழுசு என்ற நிலை எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். மில்லை நிறுத்தினால் முதலாளியின் எல்லா மாதமும் அந்த மாதம் மாதிரிதான் இருக்கும்.

சரி, உச்ச நேரக் கட்டணத்தைச் சொன்னேன். காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்தில் எடுக்கும் யூனிட்டுக்கு உயர் அழுத்தத் தொழிற்சாலைகள் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இதுவரை கணக்கை எளிமையாக்க நான் நாள் முழுக்க ஒரே விலை வைத்தேன். இப்போது பிரித்துப் பாருங்கள். சாதாரண நேரத்தில் கிலோவுக்கு 30 ரூபாய் மின்சாரம் என்றால் உச்ச நேரத்தில் 37.50. மாறும் செலவு 242.50. நூல் விலை 245 இருக்கும்வரை உச்ச நேரத்திலும் இரண்டரை ரூபாய் மிஞ்சும், ஓட்டலாம். விலை 240-க்கு வந்தால் மற்ற நேரத்தில் 5 ரூபாய் மிஞ்சும், உச்ச நேரத்தில் இரண்டரை ரூபாய் போகும். ஆகவே மில்லை மூட வேண்டாம், அந்த நேரத்தில் மட்டும் சில ரிங் பிரேம்களை நிறுத்தினால் போதும். மாறும் செலவு கட்டணத்தை நேரத்துக்கு நேரம் கூட்டினால் மில் நேரத்துக்கு நேரம் பதில் சொல்கிறது. மாறாச் செலவைக் கூட்டினால் பதில் சொல்லாமல் உள்ளே அழுகிறது. கொள்கை வகுப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டாமா?

நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதும் சும்மா வராது. நின்ற பிரேமை மறுபடி ஓடவிட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும், கழிவு கூடும். ஒரு மாதம் நிறுத்தினால் வெளி மாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்பவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். எல்லாரும் திரும்பி வர மாட்டார்கள். வழக்கமாக நூல் வாங்கும் தறிக்காரர் வேறு மில்லுக்குப் போய்விடுவார். கடன் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் பேங்க் அதை வாராக் கடன் என்று எழுதிவிடும். இதனால்தான் விலை 233, 234 என்று எல்லைக்குக் கொஞ்சம் கீழே போனாலும், சீக்கிரம் ஏறிவிடும் என்று தெரிந்தால் சில வாரம் ஓட்டுவார்கள். அதுவும் கணக்குத்தான், பிடிவாதம் அல்ல.

தொழிலாளர் சம்பளத்தை மாறாச் செலவில் போட்டதற்குச் சிலர் கோபப்படலாம். பாடப்புத்தகத்தில் கூலி மாறும் செலவு என்றுதான் இருக்கும். ஆனால் நாளைக் காலை நிறுத்தினால் நிற்குமா என்ற கேள்வியைக் கேளுங்கள். பெரிய ஆலைகளில் ஆட்குறைப்புச் செய்யவோ ஆலையை மூடவோ அரசின் முன் அனுமதி வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தில் ஒரு அத்தியாயம் இருந்தது. அதிலுள்ள ஆட்குறைப்புப் பிரிவு அரசியல் சட்டப்படி செல்லும் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நம் மதுரை மீனாட்சி மில் வழக்கு. அந்தச் சட்டம் சரியா தவறா என்பது வேறு விவாதம். தொழிலாளிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பவன் நான். இங்கே சொல்வது இவ்வளவுதான்: சட்டமோ ஒப்பந்தமோ ஒரு செலவைக் கட்டிப்போட்டால், அந்தக் காலம்வரை அது மாறாச் செலவு. மாறாதது அந்தச் செலவின் பிறவிக் குணம் அல்ல. எத்தனை நாள் கணக்கைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கடைசிப் பகுதிக்கு அதுதான் திறவுகோல். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று பார்த்தால் மாறாச் செலவு என்று எதுவுமே இல்லை. கடன் முடியும், ஒப்பந்த மின்அளவைக் குறைக்கலாம், ஆட்கள் ஓய்வு பெறுவார்கள், இயந்திரம் தேய்ந்து விழும். அப்போது முதலாளி முன்னால் கேள்வி வேறு மாதிரி நிற்கும்: "புது ரிங் பிரேம் வாங்கட்டுமா?" வாங்குமுன் அந்த விலையும் வட்டியும் தவிர்க்கக்கூடிய செலவு. ஆகவே அன்றைக்கு நூல் விலை 235-ஐ அல்ல, 255-ஐத் தாண்டுமா என்று பார்ப்பார். தாண்டாது என்றால் வாங்க மாட்டார். மில் அன்று மூடாது. இருக்கிற பிரேம்கள் ஓடும்வரை ஓடும், ஒன்று நின்றால் அதன் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள், ஆள் போனால் புது ஆள் எடுக்க மாட்டார்கள். ஒரு நாள் கேட் திறக்காது. "நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது" என்று நாம் பேசுவோம். அது நன்றாக ஓடவில்லை. மாறும் செலவை மட்டும் சம்பாதித்துக்கொண்டு, தன் முதலைத் தின்றுகொண்டு ஓடியது.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்வி மில் சங்குக்குக் கடிகாரத்தைச் சரிசெய்த ஊர் இது. இத்தனை மில்களோடு வாழ்ந்தும் சங்கு ஊதினால் லாபம் என்று நினைக்கிறோம். சங்கு ஊதுவதற்கு 235 போதும்.

ஆகவே ஒரு மில் உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஷிப்டு பஸ்ஸை எண்ணாதீர்கள். உள்ளே வேலை பார்க்கும் உங்கள் சொந்தக்காரரிடம் கேளுங்கள். கடைசியாகப் புது இயந்திரம் எப்போது வந்தது? பழைய பிரேமிலிருந்து பாகம் கழற்றுகிறார்களா? பி.எஃப். பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா, தள்ளிப் போகிறதா? பஞ்சு மூன்று மாதத்துக்கு இருக்கிறதா, ஒரு வாரத்துக்குத்தான் வருகிறதா? இவை கெட்டுப்போயும் மூன்று ஷிப்டு ஓடுகிறதென்றால், முதலாளி இடைவெளிக்குள் மாட்டியிருக்கிறார் என்று பொருள். அந்த வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இவை நன்றாக இருந்தும் நட்டம் என்று ஒருவர் அழுதால், அப்போது தாராளமாகச் சந்தேகப்படுங்கள். நட்டம் என்று சொல்லும் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓடுகிறது என்பதை மட்டும் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள் என்கிறேன்.

கூலி உயர்வு கேட்கும் சங்கத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. "ஓடுதுல்ல, கொடு" என்று கேட்டால் பதிலும் "நட்டம், முடியாது" என்றுதான் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். பஞ்சு விலை, நூல் விலை, யூனிட் செலவு மூன்றும் வெளியே தெரிந்த எண்கள். அவற்றைக் கழித்து, கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கையில் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். மிஞ்சுவது 10 ரூபாயா 40 ரூபாயா என்று தெரிந்தவனிடம் யாரும் கதை விட முடியாது.

குழுவில் அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் யாராயிருந்தாலும் சரி, மேலே உள்ள கணக்கில் தவறு இருந்தால் எண்ணைப் போட்டுக் காட்டுங்கள். எண் இல்லாத கருத்துக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.